அலுவலகம் போகிறவருக்கு எந்த சார்ட்?

பங்குச் சந்தை காலை 9.15-க்குத் திறந்து பிற்பகல் 3.30-க்கு மூடுகிறது. மாதச் சம்பளக்காரர்களில் பெரும்பாலானோர் வேலையில் மூழ்கியிருப்பதும் சரியாக இதே நேரத்தில்தான். வகுப்பெடுக்கும் ஆசிரியர், கவுன்ட்டரில் வரிசையைக் கவனிக்கும் வங்கி ஊழியர், தொழிற்சாலையில் போனை லாக்கரில் வைத்துவிட்டு உள்ளே போகும் மேற்பார்வையாளர் என்று யாராக இருந்தாலும் சந்தை நகரும்போது அவர்களால் அதைப் பார்க்க முடியாது. பார்க்க முடிகிற நேரத்தில் சந்தை மூடியிருக்கும்.

இவர்களில் பலர் இன்று டீமேட் கணக்கு வைத்திருக்கிறார்கள். சார்ட் பார்த்துப் பங்கு வாங்கவும் பழகுகிறார்கள். சார்ட்டைத் திறந்ததும் மேலே 1m, 5m, 15m, 1h, D, W என்று பொத்தான்கள் வரிசையாக நிற்கும். எதைத் தொடுவது என்று யாரும் அதிகம் யோசிப்பதில்லை. ஏதோ ஒரு வீடியோவில் 15 நிமிட சார்ட்டைக் காட்டினார்கள் என்பதற்காக அதையே வைத்துக்கொண்டவர்கள்தான் அதிகம். எந்த இண்டிகேட்டர் நல்லது என்பதற்குச் செலவிடும் நேரத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூட இந்தப் பொத்தானுக்குக் கொடுப்பதில்லை. ஆனால் வேலைக்குப் போகிற ஒருவருக்கு லாப நஷ்டத்தை அதிகம் தீர்மானிப்பது இந்தப் பொத்தான்தான் என்பது என் கருத்து.

காரணத்தைப் புரிந்துகொள்ள, ஒரு கேண்டில் எப்படி உருவாகிறது என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு கேண்டிலிலும் நான்கு விலைகள் இருக்கின்றன: தொடங்கிய விலை, தொட்ட உச்சம், தொட்ட தாழ்வு, முடிந்த விலை. இதில் முதல் விலை மட்டும்தான் உடனே உறுதியாகிறது. மற்ற மூன்றும் அந்தக் கேண்டில் முடியும்வரை மாறிக்கொண்டே இருக்கலாம். ஒரு பங்கு பல வாரங்களாக 500 ரூபாயைத் தாண்ட முடியாமல் தவிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இன்று காலை 11 மணிக்குப் பார்த்தால் 506-ல் நிற்கிறது. தினசரி சார்ட்டில் பெரிய பச்சைக் கேண்டில், தடை உடைந்ததுபோல் தெரிகிறது. பிற்பகல் 3.30-க்கு அதே பங்கு 494-ல் முடிந்திருந்தால், அதே கேண்டில் சிறிய உடலோடும் மேலே நீண்ட நிழலோடும் நிற்கும். தடை உடையவில்லை, விற்பவர்கள் அங்கே காத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். காலையில் பார்த்தவருக்கு வாங்கச் சொன்ன கேண்டில், மாலையில் பார்த்தவருக்கு ஒதுங்கச் சொல்கிறது. பாதி வெந்த சோற்றைப் பதம் பார்த்துவிட்டு அடுப்பை அணைப்பது போன்றதுதான் முடியாத கேண்டிலை வைத்து முடிவெடுப்பது.

ஆகவே எந்த சார்ட்டை எடுத்தாலும், அதன் கேண்டில் முடிகிற கணம்தான் நாம் முடிவெடுக்க வேண்டிய கணம். அந்தக் கணத்திலும் அதை அடுத்த சில நிமிடங்களிலும் நீங்கள் திரைக்கு முன்னால் இருப்பீர்களா? டைம்ஃப்ரேமைத் தேர்ந்தெடுப்பதற்கு இந்த ஒரு கேள்வி போதும். ஒரு நாளில் எத்தனை நிமிடம் கிடைக்கிறது என்பது அடுத்த விஷயம். அது எப்போது கிடைக்கிறது என்பதே முதலில் தெரிய வேண்டியது.

நம் சந்தையில் ஒரு நாள் வர்த்தகம் 375 நிமிடம். 15 நிமிட சார்ட்டில் அது 25 கேண்டில்கள். அந்த சார்ட்டை ஒழுங்காகப் பின்பற்ற வேண்டுமானால் ஒரு நாளில் 25 முறை ஆஜராக வேண்டும். வேலையில் இருப்பவருக்கு அது முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் பலர் ஒரு சமரசம் செய்துகொள்கிறார்கள்: மணிநேர சார்ட். 'மணிக்கு ஒருமுறை போனை எடுத்துப் பார்ப்பதில் என்ன கஷ்டம்?' என்பது அவர்கள் வாதம்.

இதில்தான் அதிகம் பேர் மாட்டுகிறார்கள் என்பதால் சற்று நின்று பார்ப்போம். சந்தை 9.15-க்குத் தொடங்குவதால் மணிநேரக் கேண்டில்கள் 10.15, 11.15, 12.15, 1.15, 2.15, 3.15 என்ற நேரங்களில் முடிகின்றன. கடைசியாக 3.15 முதல் 3.30 வரை ஒரு கால்மணி நேரத் துண்டு மிஞ்சும். அலுவலகத்தில் இருப்பவருக்கு இதில் எது வாய்க்கும்? பெரும்பாலும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் வரும் 1.15 மட்டும். டீ குடிக்கப் போகும்போது 11.15 சில நாள் கிடைக்கலாம். மற்றவை மீட்டிங்கிலும் வேலையிலும் கரைந்துவிடும். ஒரு வர்த்தக முறை பத்து வாய்ப்புகளைக் காட்டினால், இவர் கண்ணில் படுவது மூன்றோ நான்கோதான். அந்த முறைக்கு லாபம் தந்த வாய்ப்புகள் இவர் பார்க்காத நேரத்தில் வந்து போயிருக்கலாம். போதாததற்கு, வாங்குவதை 1.15-க்கு முடிவு செய்தாலும், விற்க வேண்டிய சைகை 2.15-க்கு வந்தால் அதைக் கவனிக்க ஆள் இல்லை. வாங்குவது ஒரு சார்ட்டின்படியும் விற்பது கிடைத்த நேரத்தின்படியும் நடந்தால், அதை முறை என்று சொல்ல முடியாது.

இவ்வளவுக்கும், நாள் முழுக்கத் திரையிலேயே இருப்பவர்களுக்கும் குறுகிய சார்ட் சுலபமாக இல்லை. பங்குகளை அன்றே வாங்கி அன்றே விற்கும் தனிநபர்களைப் பற்றி செபி 2024 ஜூலையில் ஓர் ஆய்வை வெளியிட்டது. 2022-23 நிதியாண்டில் அவர்களில் 71 சதவீதத்தினர் நிகர நஷ்டம் அடைந்திருந்தார்கள். ஆண்டுக்கு 500 முறைக்கு மேல் வர்த்தகம் செய்தவர்களில் அது 80 சதவீதம். அடிக்கடி வர்த்தகம் செய்தவர்களின் நிலைமை இன்னும் மோசம்.

இனி தினசரி சார்ட்டுக்கு வருவோம். இதன் கேண்டில் 3.30-க்கு முடிகிறது. அடுத்து ஆர்டர் நிறைவேறக்கூடியது மறுநாள் காலை 9.15-க்கு. இடையில் 17 மணி 45 நிமிடம் விலை அசையாமல் நிற்கிறது. வீட்டுக்கு வந்து, பிள்ளைகளின் வீட்டுப் பாடத்தை முடித்து, சாப்பிட்டு, இரவு ஒன்பது மணிக்கு உட்கார்ந்தாலும் நீங்கள் தாமதமாகிவிடவில்லை. முழுநேர வர்த்தகர் பார்க்கும் அதே முடிந்த கேண்டிலைத்தான் நீங்களும் பார்க்கிறீர்கள். வாராந்திர சார்ட்டில் இந்த அவகாசம் இன்னும் நீளம்: வெள்ளி 3.30 முதல் திங்கள் 9.15 வரை கிட்டத்தட்ட 66 மணி நேரம்.

இந்த இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்தும் ஒரு வழக்கம் இருக்கிறது. மனநல மருத்துவராக இருந்து வர்த்தகரான அலெக்சாண்டர் எல்டர் அதைப் பரவலாக்கினார். நீங்கள் வர்த்தகம் செய்யும் சார்ட்டைவிடச் சுமார் ஐந்து மடங்கு பெரிய சார்ட்டில் முதலில் திசையைப் பார்க்க வேண்டும் என்றார் அவர். வாரத்துக்கு வர்த்தக நாள் ஐந்து என்பதால் தினசரி சார்ட்டுக்கு வாராந்திர சார்ட் இயல்பாகப் பொருந்துகிறது. நடைமுறையில் இது இரண்டு வேலை. சனி அல்லது ஞாயிறு ஒரு மணி நேரம் வாராந்திர சார்ட்டைப் பார்த்து, ஏறுமுகமாக இருக்கும் பதினைந்து இருபது பங்குகளைப் பட்டியலில் வைப்பது ஒன்று. வார நாட்களில் இரவு இருபது நிமிடம் அந்தப் பட்டியலை மட்டும் தினசரி சார்ட்டில் புரட்டுவது இன்னொன்று. வாங்க வேண்டியது இருந்தால் இரவே ஆர்டரைப் போட்டுவிடலாம். காலையில் போனைத் தொட வேண்டியதில்லை. பட்டியலில் இல்லாத பங்கை, எவ்வளவு அழகாக இருந்தாலும், வார நடுவில் சேர்க்காமல் இருப்பது நல்லது. இருபது நிமிடத்தை இரண்டு மணி நேரமாக இழுத்துவிடுவது அதுதான்.

டைம்ஃப்ரேமை மாற்றினால் அதோடு இன்னொன்றும் மாற வேண்டும். அதை மாற்றாமல் விடுவதுதான் புதியவர்களின் பணத்தை அதிகம் கரைக்கிறது. அது ஸ்டாப் லாஸின் தூரம். அதற்கேற்ப வாங்கும் எண்ணிக்கையும் மாறும்.

ஓர் உதாரணம். உங்களிடம் வர்த்தகத்துக்கென்று இரண்டு லட்சம் ரூபாய் இருக்கிறது. ஒரு வர்த்தகம் தப்பாகப் போனால் அதில் ஒரு சதவீதம், அதாவது 2,000 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது என்று வைத்திருக்கிறீர்கள். பங்கின் விலை 500. ஒரு சாதாரண நாளில் அது மேலும் கீழுமாகப் பத்துப் பன்னிரண்டு ரூபாய் ஆடுகிறது. இந்த அன்றாட ஆட்டத்தின் சராசரியை சார்ட்டிலேயே ஏடிஆர் என்ற இண்டிகேட்டர் காட்டும். வெல்ஸ் வைல்டர் 1978-ல் அறிமுகப்படுத்தியது. தினசரி சார்ட்டில் இந்தப் பங்கு கடைசியாக இறங்கித் திரும்பிய இடம் 482 என்றால், ஸ்டாப் லாஸ் 480. ஒரு பங்குக்கு 20 ரூபாய் ரிஸ்க். 2,000-ஐ 20-ஆல் வகுத்தால் 100 பங்குகள். போடும் பணம் 50,000. இதையே வாராந்திர சார்ட்டில் பார்த்தால் தாழ்வு 456-ல் இருக்கிறது. ஸ்டாப் லாஸ் 455, ரிஸ்க் 45 ரூபாய். அப்போது 44 பங்குகள் மட்டுமே. போடும் பணம் 22,000. 15 நிமிட சார்ட்காரர் நான்கு ரூபாய் தூரத்தில் ஸ்டாப் லாஸ் வைத்தால் 500 பங்குகள் வாங்க வேண்டும். அதற்கு இரண்டரை லட்சம் தேவை; கையில் இருப்பதைவிட அதிகம். தரகர் தரும் மார்ஜினைத் தேட வேண்டிவரும்.

மூன்றிலும் நஷ்டத்தின் உச்சவரம்பு அதே 2,000 ரூபாய்தான். பெரிய சார்ட் என்றால் பெரிய நஷ்டம் என்று பயப்படுகிறவர்கள் கவனிக்க வேண்டியது இது. தூரம் கூடினால் எண்ணிக்கை குறையும், அவ்வளவுதான். பிரச்சினை வருவது கலந்துவிடும்போது. தினசரி சார்ட்டைப் பார்த்து வாங்கிவிட்டு, 20 ரூபாய் ரிஸ்க் அதிகமாகத் தோன்றுகிறது என்று 496-ல் ஸ்டாப் லாஸ் வைக்கிறார் ஒருவர். ஒரு சாதாரண நாளில் பத்து ரூபாய் ஆடும் பங்கு அதைத் தொடாமல் இருப்பதுதான் ஆச்சரியம். மதியத்துக்குள் விற்றுப்போய்விடும், மாலையில் பங்கு 505-ல் நிற்கும். 'நான் விற்றால் ஏறுகிறது' என்ற புலம்பலுக்குப் பின்னால் பெரும்பாலும் இருப்பது இதுதான். நீங்கள் விற்ற பங்குகள் இரண்டொரு நாளில் வாங்கிய விலைக்கு மேலே திரும்பிவிடுவது அடிக்கடி நடந்தால், உங்கள் ஸ்டாப் லாஸ் உங்கள் சார்ட்டைவிடச் சின்ன சார்ட்டுக்கு உரியது என்று தெரிந்துகொள்ளலாம்.

அப்படியானால் வாராந்திர சார்ட் இன்னும் நிம்மதி அல்லவா என்று கேட்கலாம். 2024 ஜூன் முதல் வாரம் இதற்கு நல்ல பாடம். மே 31 வெள்ளியன்று நிஃப்டி 22,530-ல் முடிந்தது. வார இறுதியில் தேர்தல் கருத்துக்கணிப்புகள் வந்தன. திங்களன்று 3 சதவீதத்துக்கு மேல் ஏறி 23,263. ஜூன் 4 செவ்வாயன்று வாக்கு எண்ணிக்கை. அன்று சந்தை நேரத்துக்குள்ளேயே 21,281 வரை சரிந்து, 21,884-ல் முடிந்தது. ஒரே நாளில் கிட்டத்தட்ட 6 சதவீத வீழ்ச்சி. அந்த வாரம் வெள்ளிக்கிழமை, ஜூன் 7 அன்று, நிஃப்டி 23,290-ல் முடிந்தது.

வாராந்திர சார்ட்டை வெள்ளி மாலை மட்டும் பார்ப்பவருக்கு இது 3.4 சதவீதம் ஏறிய நல்ல வாரம். கீழே நீண்ட ஒரு நிழல் மட்டும் நடந்ததைச் சொல்லும். ஆனால் அதே வாராந்திர சார்ட்டைப் பார்த்து, 21,700-ல் ஸ்டாப் லாஸ் ஆர்டரைப் போட்டு வைத்திருந்தவருக்கு செவ்வாய்க்கிழமையே அது நிறைவேறியிருக்கும். சரிவின் அடிப்பகுதிக்குப் பக்கத்தில் விற்றுவிட்டு, மூன்று நாளில் சந்தை திரும்புவதைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார். ஒரே சார்ட்தான்; விலை தொட்டாலே விற்பதா, வார முடிவு அதற்குக் கீழே இருந்தால் மட்டும் விற்பதா என்ற விதி இருவருக்கும் வேறு. இதை வாங்கும்போதே எழுதி வைக்க வேண்டும்.

உடனே 'வார முடிவு' விதிதான் சிறந்தது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 2020 மார்ச்சைப் பாருங்கள். மார்ச் 6 வெள்ளியன்று நிஃப்டி 10,989. அடுத்த வெள்ளி 9,955. அதற்கடுத்த வெள்ளி 8,745. வெள்ளிக்கிழமைவரை பொறுத்திருந்தவருக்கு ஒரு வாரத்தில் 9 சதவீதமும், மறுவாரம் 12 சதவீதமும் கரைந்தன. வார முடிவுக்காகக் காத்திருப்பவர் கணக்குப் போட்ட 2,000 ரூபாயைத் தாண்டியும் இழக்கக்கூடும். அதற்குத் தயாராக, எண்ணிக்கையை இன்னும் குறைத்தே வாங்க வேண்டும். தினமும் இரவு இருபது நிமிடம் உறுதியாகக் கிடைப்பவருக்கு நான் தினசரி சார்ட்டையும், தொட்டாலே விற்கும் ஸ்டாப் லாஸையும்தான் சொல்வேன். ஷிப்டு மாறி மாறி வரும் செவிலியர், அடிக்கடி வெளியூர் போகும் விற்பனைப் பிரதிநிதி போன்றவர்களுக்கு அந்த இருபது நிமிடம் தினமும் அமையாது. அவர்கள் அரைகுறையாகத் தினசரி சார்ட்டைப் பிடித்துக்கொண்டிருப்பதைவிட, சிறிய எண்ணிக்கையில் வாராந்திர சார்ட்டோடு நிற்பது மேல்.

திரையை விட்டு விலகியிருப்பவரின் ஸ்டாப் லாஸ் வேலை செய்யுமா என்பதையும் சரிபார்க்க வேண்டும். சந்தையில் போடும் சாதாரண ஸ்டாப் லாஸ் ஆர்டர் அன்று மாலையோடு காலாவதியாகிவிடும். அதனால் நாள் கணக்கில் காத்திருக்கும் ஜிடிடி ஆர்டரைத் தரகு நிறுவனங்கள் தருகின்றன. நீங்கள் சொன்ன விலை வந்ததும் அது ஒரு லிமிட் ஆர்டரை அனுப்பும். இங்கே இரண்டு இடத்தில் தடுக்கலாம்.

முதலாவது, காலை இடைவெளி. ட்ரிக்கர் 480, லிமிட் 479 என்று நெருக்கமாக வைத்திருக்கிறீர்கள். இரவில் கெட்ட செய்தி வந்து பங்கு காலையில் நேராக 468-ல் திறக்கிறது. ஜிடிடி வேலை செய்யும். ஆனால் '479-க்குக் குறையாமல் விற்கவும்' என்ற ஆர்டர் வாங்க ஆளின்றி நிற்கும். நீங்கள் அலுவலகத்தில் ஸ்டாப் லாஸ் இருக்கிறது என்ற நம்பிக்கையில் இருப்பீர்கள். பங்கு 455 போய்விடும். லிமிட்டை ட்ரிக்கருக்குக் கணிசமாகக் கீழே, 460 என்பதுபோல் வைத்தால் 468-லேயே விற்றுப்போகும். லிமிட் 460 என்பதற்காக 460-க்கு விற்காது. அப்போது கிடைக்கிற நல்ல விலைக்குத்தான் விற்கும். லோயர் சர்க்யூட்டில் உறைந்துபோகும் சிறிய பங்குகளில் இதுவும் உதவாது. வாங்குபவரே இருக்க மாட்டார். அதனால்தான் திரையில் இல்லாதவர் தினமும் நிறையக் கைமாறும் பெரிய பங்குகளோடு நிற்க வேண்டும்.

இரண்டாவது, டீமேட் அனுமதி. உங்கள் கணக்கிலிருந்து பங்கை எடுக்கத் தரகருக்கு டிடிபிஐ என்ற அனுமதியைக் கொடுத்திருக்காவிட்டால், விற்கும்போது நீங்களே டிபின் எண்ணைப் போட்டு ஒப்புதல் தர வேண்டும். நீங்கள் மீட்டிங்கில் இருக்கும்போது அந்த ஒப்புதலை யார் தருவார்கள்? ஜிடிடி விற்பனை ஆர்டர் நிராகரிக்கப்படலாம். முதல் ஜிடிடியைப் போடுவதற்கு முன் இதைத் தரகரிடம் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தும் ஒரு பழக்கம் எல்லாவற்றையும் கெடுத்துவிடும்: வாங்கிய பிறகு சின்ன சார்ட்டுக்குப் போவது. தினசரி சார்ட்டைப் பார்த்து வாங்கியவர் மறுநாள் பஸ்ஸில் போகும்போது 5 நிமிட சார்ட்டைத் திறக்கிறார். வரிசையாக நான்கு சிவப்புக் கேண்டில்கள். பயத்தில் விற்றுவிடுகிறார். மாலையில் தினசரி சார்ட்டில் அந்தச் சரிவு ஒரு சின்ன நிழலாகக்கூடத் தெரிவதில்லை. இதற்கு நேர்மாறானதும் நடக்கிறது: இன்ட்ராடேக்கு வாங்கிய பங்கு இறங்கிவிட்டது என்று டெலிவரியாக மாற்றிவிட்டு, 'நீண்டகால முதலீடு' என்று சொல்லிக்கொள்வது. இரண்டிலும் வாங்கிய காரணம் ஒரு சார்ட்டிலும் விற்கும் காரணம் வேறொரு சார்ட்டிலும் இருக்கிறது. வாங்கும்போது ஒரு நோட்டில் நான்கு விஷயங்களை எழுதி வையுங்கள்: எந்த சார்ட், என்ன காரணம், ஸ்டாப் லாஸ் எவ்வளவு, எத்தனை பங்கு. விற்கும்போது அந்த வரியைப் படித்த பிறகு ஆர்டர் போடுங்கள். போனில் விலை அறிவிப்பை ஸ்டாப் லாஸுக்கும் இலக்குக்கும் மட்டும் வைத்துவிட்டு மற்றவற்றை அணைத்துவிடலாம்.

மத்திய அரசு ஊழியர்கள் இன்னொன்றையும் தெரிந்திருக்க வேண்டும். 1964-ஆம் ஆண்டின் மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகளில் 16-ஆவது விதி, பங்குகளில் ஊக வணிகம் செய்வதைத் தடை செய்கிறது. பங்குகளை அடிக்கடி வாங்குவதும் விற்பதும் ஊக வணிகமாகவே கருதப்படும் என்று அந்த விதியே சொல்கிறது. பட்டியலிடப்பட்ட நிறுவனத்தில் வேலை பார்ப்பவர்களில், உள்விவரம் அறியக்கூடிய ஊழியர் என்று நிறுவனம் குறித்து வைத்திருப்பவர்கள் தங்கள் நிறுவனப் பங்கை வாங்கினால் ஆறு மாதத்துக்குள் விற்க முடியாது. உங்கள் வேலை இவற்றில் எதன் கீழ் வருகிறது என்பதை அலுவலகத்தில் கேட்டறிந்துவிட்டு அதற்கேற்ற சார்ட்டைத் தேர்ந்தெடுங்கள்.